இரண்டாவது சேனலில் ஒரு நடை

மூன்று மணி மழை புக்கிட் ரோத்தான் ஊரை நனைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஷெல்லிக்கு அந்த ஓட்டை முதலில் காதில் விழுந்தது. டிவி கேமுக்காக அவள் போட்ட பாட்டு கணினியில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மெட்டு ஒரு நொடி காணாமல் போய், திரும்பி வந்தது.

சும்மாவே அவளுக்கு எரிச்சல். காலையில் பக்கத்து ஊர் ஈஜோக்கிலிருந்து கோகிலன் போன் பண்ணியிருந்தான். அவள் செய்யும் விளையாட்டுகளைக் கார்ட்ரிட்ஜில் அடித்து விற்பது அவன் வேலை.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஃபைல் வரணும் ஷெல்லி. வரலேன்னா கடைசிக் கட்டத்துக்குப் பழைய பாட்டையே போட்டுருவேன்லா."

விளையாட்டின் அந்தக் கடைசிக் கட்டம் அவள் அண்ணன் லூகாஸ் எழுதியது. யாருமில்லாத எஸ்டேட், தொழிலாளர்கள் குடியிருந்த காலி லயங்கள் வரிசையாக, நடுவே நடக்கும் ஓர் ஆள். எழுதி முடித்த வாரமே டெங்கிக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு மாதமாகிறது. அதற்குப் பழைய பாட்டைப் போடுவதா? செத்தாலும் விடமாட்டாள்.

அண்ணனும் தங்கையும் விளையாட்டு செய்வது நாற்பது வருடப் பழைய டிவி கேம் பெட்டிக்கு. அதற்குள் பாட்டு என்றால் கஞ்சத்தனம்தான். மெட்டுக்கு இரண்டு சேனல், ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். அடிநாதத்துக்கு ஒன்று, அதில் சத்தத்தைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, இருக்கும் அல்லது இருக்காது. தாளத்துக்கு இரைச்சல் சேனல் ஒன்று. பதிவு செய்த ஒலிக்கென்று ஐந்தாவதும் உண்டு, ஆனால் இடத்தை விழுங்கும் என்று இவர்கள் அதைத் தொடுவதில்லை. மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கவேண்டுமானால், ஒரே சேனலில் மூன்றையும் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றி மாற்றி வாசித்துக் காதை ஏமாற்றவேண்டும்.

இந்த நாலுக்குள்ளேயே குதிக்கிற சத்தம், நடக்கிற சத்தம் எல்லாம் வந்தாகவேண்டும். அதற்கு லூகாஸ் எப்போதும் இரண்டாவது சேனலைத்தான் பிடுங்குவான். காலடி ஒலித்து முடியும் வரை பாட்டின் அந்தக் குரல் அடங்கிப்போகும். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே கேட்காது.

"ஒன் காலடி என் மெட்ட திங்குதுண்ணே!" என்று அவள் சண்டை பிடிப்பாள்.

"நடந்தா சத்தம் கேக்கணும்லா. ரெண்டாவத எனக்கு விட்டுக் குடு."

அதனால் அவள் அங்கே எதிரொலி போன்ற உப்புச்சப்பில்லாத வரிகளை மட்டுமே வைப்பாள். இந்த முறை வைக்கவில்லை. அவன் போன கோபத்தில், காலடிச் சத்தத்தையே அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, உயிரான மெட்டை இரண்டாவது சேனலில் வைத்தாள். இனி யார் பிடுங்கப்போகிறார்கள்?

இப்போது பிடுங்குகிறார்கள்.

நிரலைத் திறந்து பார்த்தாள். அவள் பாட்டைத் தவிர அந்தச் சேனலைத் தொடும் வரி ஒன்றுகூட இல்லை. கணினியில் மற்ற மூன்றையும் அணைத்துவிட்டு அதை மட்டும் கேட்டாள். திரையில் ஆள் அசையாமல் நிற்கிறான். மெட்டு அறுகிறது, வருகிறது. பெட்டியிலேயே போட்டுப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

மேசையில் விரலால் தட்டி எண்ணினாள். ஒரு நீண்ட இடைவெளி, ஒரு குறுகிய இடைவெளி. நீண்டது, குறுகியது.

விரல் நின்றுவிட்டது. மூன்று வருடம் முன்பு மோட்டார் விபத்தில் இடது கால் முறிந்த பிறகு, லூகாஸ் நொண்டியபடி மாடிப்படி ஏறினால் வீட்டுக்கே தெரியும். அதே நடை. சுவிட்சை அணைக்கப் போன கை பாதியிலேயே நின்றது. பயம்தான். ஆனால் அணைத்தால் அவன் மறுபடியும் போய்விடுவான் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வெகுநேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெட்டை இரண்டாவதிலிருந்து தூக்கி முதல் சேனலில் வைத்தாள். அங்கிருந்த துணை வரியை அழித்தாள். எதிரொலிகூட வேண்டாம். இரண்டாவது சேனல் மொத்தமும் வெறுமை. திரையில் நடக்கும் ஆளின் காலடியையும் திருப்பிச் சேர்த்தாள், ஆனால் அதை இரைச்சல் சேனலுக்கு மாற்றிவிட்டாள். தாளம் கொஞ்சம் அடிபடும், படட்டும்.

பெட்டியில் போட்டாள். பாட்டு முழுசாக, ஓர் ஓட்டையும் இல்லாமல் வந்தது. கேட்டுக்கொண்டே அழுதாள்.

பிறகு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஆள் லயங்களின் ஊடே நடந்தான். சர், சர் என்று இரைச்சலில் அவன் காலடி. அதன் பக்கத்திலேயே, ஒன்றும் எழுதாத சேனலில், மரத்தைத் தட்டுவது போல இன்னொரு காலடி. நீண்டது, குறுகியது.

பொத்தானை விட்டாள். ஆள் நின்றான்.

மற்றது நிற்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்து, கிட்டே வந்து, நின்றது.

ஷெல்லி திரும்பிப் பார்க்கவில்லை.

"எடம் போதுமாண்ணே?" என்றாள்.