பதினொரு புள்ளிகள்

எங்கள் அலுவலகத்துக்கு வரும் வரைபடங்கள் அழுக்காகத்தான் வரும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கோடுகள், நீளமே இல்லாத கோடுகள், எதற்கென்று தெரியாத புள்ளிகள். ஒரு கோப்பைத் துடைக்க அரை மணி நேரம் ஆகும். பழைய ஆலை இருந்த மனையில் எழும் அந்தக் கட்டடத்துக்கு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.

அதனால் வரைபட மென்பொருளுக்கென்றே உள்ள ஆட்டோலிஸ்ப் மொழியில் நாற்பது வரிகளில் ஒரு நிரல் எழுதினேன். கோப்பிலுள்ள புள்ளிகளையெல்லாம் திரட்டி ஒவ்வொன்றாக அழிக்கும். தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில் இருக்கும் கோடுகளை அழிக்கும். இரட்டைக் கோடுகளை ஒன்றாக்கும். பயன்படாத லேயர்களையும், பல கோடுகளை ஒரே உருவமாகக் கட்டிவைத்த பிளாக்குகளையும் நீக்கிவிட்டுச் சேமிக்கும். எத்தனை அழித்தது என்று குறிப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கும்.

அஸ்திவார வரைபடங்களை வரைந்த எங்கள் சீனியர் கண் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போகும்போது சொன்னார்: "விஞ்ஞானி, நான் திரும்பி வர்றதுக்குள்ள என் நாற்காலியையும் துடைச்சு அழிச்சிடாதீங்க." பட்டம் வாங்கியது இயற்பியலில் என்பதால் எனக்கு அந்தப் பெயர்.

திங்கட்கிழமை நிரலை ஓட்டினேன். ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த சில பிளாக்குகள் மிச்சமிருந்ததால் இன்னொரு முறை ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை அச்சிட்டுக் கட்டுமான இடத்துக்கு அனுப்பினோம். பளிச்சென்று இருந்தன.

அடுத்த வாரம் வியாழன் காலை, பெருமைக்காகத்தான், குறிப்புக் கோப்பைத் திறந்து படித்தேன். அழித்த புள்ளிகள்: இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்பது. பூஜ்யம். அறுபத்து நான்கு. பிறகு அஸ்திவார வரைபடங்கள் ஏழும் வந்தன. பதினொன்று. பதினொன்று. ஏழிலும் பதினொன்று.

குப்பை அப்படி அளவாகச் சேராது. யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள்.

முந்தைய பிரதியைத் தேடினேன். ஒவ்வொரு சேமிப்பும் அதற்கு முந்தையதை மட்டுமே வைத்திருக்கும். நான் இரண்டு முறை சேமித்திருந்தேன். அந்தப் பிரதியிலும் புள்ளிகள் இல்லை.

சீனியரைக் கூப்பிட்டேன்.

"யாரு, விஞ்ஞானியா? ஒத்தக் கண்ணுல உலகம் நல்லாத்தான் இருக்கு. சொல்லுங்க."

"சார், அஸ்திவார டிராயிங்ல பதினோரு பாயிண்ட் இருந்துச்சா?"

"இருக்குமே. ஆலையோட பழைய குழிங்க. மேல பலகை போட்டு மண்ணு மூடியிருக்கு, பார்த்தா தெரியாது. சர்வேயர் குறிச்சுக் கொடுத்தாரு. வரையும்போது உறுத்தும்னு சின்னப் புள்ளியா வச்சிருப்பேன். பிரிண்ட் போடுற அன்னிக்குக் குறுக்குக் குறியா மாத்திடுவேன்." சட்டென்று கேட்டார்: "பிரிண்ட் போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு சார்."

"சர்வேயர் அனுப்பின மெயில் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. சீக்கிரம்."

அந்த மெயிலில் இருந்த சர்வேயரின் மூலக் கோப்பைத் திறந்தேன். பதினொரு குறுக்குக் குறிகள், பளிச்சென்று. அவற்றை எங்கள் அஸ்திவார வரைபடத்தின் மேல் படிய வைத்தேன். பைல் என்பது அஸ்திவாரத்துக்காக மண்ணில் ஆழத் துளையிட்டு இறக்கும் தூண்; நாற்பத்து மூன்றாம் பைலுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு குறி விழுந்தது.

கட்டுமான இடத்துச் சூப்பர்வைசர் நான்காவது முறை மணி அடித்தபோது போனை எடுத்தார். பின்னால் இயந்திரம் உறுமியது.

"சார், இப்ப எந்த பைல்?"

"நாப்பத்தி ரெண்டு முடிச்சாச்சு மேடம். மெஷின் நாப்பத்தி மூணுக்கு நகருது. டிராயிங் சூப்பரா இருக்கு, ஒரு தூசி தும்பு இல்ல."

"நிறுத்துங்க. உடனே நிறுத்துங்க!"

நான் இதுவரை யாரிடமும் கத்தியதில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை. உறுமல் அடங்கியது. ஆபரேட்டரை இறக்கச் சொன்னேன். பைலிலிருந்து கிழக்கே ஒன்றரை மீட்டரில் உள்ள இடத்தை, எட்ட நின்று நீளக் கடப்பாரையால் குத்திப் பார்க்கச் சொன்னேன்.

கடப்பாரை மண்ணில் குத்தும் சத்தம் போனில் கேட்டது.

"மேடம்." அவர் குரல் சின்னதாகியிருந்தது. "கடப்பாரை கையை விட்டுப் போயிடுச்சு. உள்ள விழுந்த சத்தம் இப்பத்தான் கேக்குது. மெஷினுக்கும் அதுக்கும் நாலடிகூட இல்ல."

"ஆபரேட்டர்?"

"பக்கத்துலதான் நிக்கிறாரு. தண்ணி குடிக்கிறாரு."

அடுத்த குறியைத் திரையில் பெரிதாக்கினேன்.

"இன்னும் பத்து இடம் இருக்கு சார். ஒவ்வொண்ணா சொல்றேன். முதல்ல ஆளுங்க எல்லாரையும் வேலை நடக்குற இடத்துலேர்ந்து வெளிய அனுப்புங்க."

"அனுப்பிட்டேன் மேடம். மெஷின் நின்ன உடனேயே அனுப்பிட்டேன். முப்பது பேரும் கொட்டகையில சாப்பிட உக்காந்துட்டாங்க. கவலைப்படாதீங்க."

கொட்டகை. என்னுடைய நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளில் எதிலும் அது இல்லை. தற்காலிகக் கொட்டகையை யாரும் வரைவதில்லை.

"கொட்டகை எங்க சார் போட்டிருக்கீங்க?"

"வடக்கு மூலையில. பைல் எதுவும் வராத இடமாப் பார்த்து, உங்க டிராயிங்ல காலியா இருந்துச்சே, அங்க."

திரையை வடக்கு மூலைக்கு நகர்த்தினேன். அங்கே மூன்று குறிகள், அடுத்தடுத்து.

"சார்," என்றேன், "அவங்களை ஒவ்வொருத்தரா, மெதுவா எழுந்திரிக்கச் சொல்லுங்க."