லேனாவின் சரிந்த எழுத்து

பஸ்ரியனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, மல்வேர்னில் இருக்கும் அவன் மனைவி, என் தங்கை செலீன் வீட்டுக்குப் போனபோது எனக்கு நல்ல பசி. அவளோ சோற்றுக்கு முதல் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணை, இவரின்ரை பழைய சூட்கேசுக்குள்ள கிடந்தது. ரஷ்யன் போல. வாசிச்சுச் சொல்லுங்கோ."

பஸ்ரியனும் நானும் எண்பதுகளில் மொஸ்கோவில் ஒன்றாகப் படித்தவர்கள். கையெழுத்தைக் கண்டவுடனேயே தெரிந்துவிட்டது, அங்கே பஸ்ரியன் காதலித்த லேனா. இரண்டாம் வரியில், தனக்கு மகள் பிறந்திருப்பதாக எழுதியிருந்தாள். கடைசி வரிகளில் என் பெயர் இருந்தது. பசி போய்விட்டது.

பஸ்ரியன் படிப்பு முடிந்து முதலில் ஊருக்குப் போனான். லேனாவைப் பிறகு கூப்பிடுவதாகத்தான் இருந்தான். நான் அவளிடம் போய், அவன் அங்கே கலியாணம் கட்டிவிட்டான் என்றேன். அவனுக்கு எழுதும்போது, அவள் வேறொருவனோடு போய்விட்டாள் என்றேன். என் தங்கைக்கு அவனைவிட நல்ல மாப்பிள்ளை எங்கே கிடைக்கும்? குழந்தை விசயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. ஊரை விட்டு வந்த இந்த நாட்டில் எனக்கென்று இருப்பவள் செலீன் ஒருத்திதான். இது வெளிப்பட்டால் அவளும் இல்லை.

"விடுதியைப் பாத்துக்கொண்ட மனுசி எழுதினது. சுகம் விசாரிச்சிருக்கிறா. குளிராம்," என்றேன்.

"ஒண்டரைப் பக்கத்துக்கோ?"

"ரஷ்யாக் குளிர் எண்டால் சும்மாவே?"

செலீனின் மகள் ஸ்டெபனி சோபாவில் இருந்து எழும்பி வந்தாள். அவள் போனில் ரஷ்ய அரிச்சுவடியைத் திறந்து வைத்திருந்தாள்.

"மாமா, நான் நேற்று ட்ரை பண்ணினனான். போட்டோ எடுத்தாலும் போன் குழம்புது. மற்றப் பக்க மையும் தெரியுதெல்லோ. அச்செழுத்து ஓகே, இது வேற மாதிரிக் கிடக்கு. இந்த இங்கிலிஷ் ஜி மாதிரிக் கிடக்கிறது என்ன?"

"அது ஜி இல்லைப் பிள்ளை. அதுதான் 'த'. கையால எழுதினால் அப்பிடி வளையும்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் முதலாம் வருடம், பள்ளிப் பிள்ளைகளின் சரிந்த கோட்டுக் கொப்பியில் எழுதி எழுதிக் கை நொந்து படித்த எழுத்து அது. வகுப்பில் என் எழுத்தைத்தான் ஆசிரியை தூக்கிக் காட்டுவாள். தனித்தனி எழுத்தைச் சொல்வதால் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். ஆங்கில யூ போல இருப்பது 'இ'. எம் போல இருப்பது 'ட்'. அதை 'ஷ்' என்று மாறிப் பிடிக்காமல் இருக்க மேலே ஒரு கோடு போடுவார்கள், 'ஷ்' என்றால் கீழே கோடு. ஆர் போல இருப்பது 'ச்'. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் ஒரு பேப்பரில் அச்செழுத்தாக மாற்றி எழுதிக்கொண்டே போனாள்.

பிறகு அதைப் போனில் தட்டினாள்.

"மம்மி, இங்க மகள் பிறந்திருக்கெண்டு கிடக்கு." என் முகத்தைப் பார்த்தாள். "மாமா, உங்கட பேரும் இருக்கு. மாக்கஸ். அது மட்டும் நேற்றே விளங்கினது."

கதவு எனக்குப் பின்னால்தான் இருந்தது. எழும்பிப் போயிருக்கலாம், போகவில்லை.

செலீன் கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். "அண்ணை, முதலில இருந்து வாசியுங்கோ. எழுதிக் கிடக்கிறதை."

வாசித்தேன். மகளுக்கு அன்னா என்று பெயர் வைத்திருக்கிறாள். இனி எழுதமாட்டாளாம். கடைசி வரிகளை விட்டுவிடப் பார்த்தேன், ஸ்டெபனி பேப்பரோடு பக்கத்தில் நின்றாள்.

"நீ மணம் முடித்ததை மாக்கஸ்தான் சொன்னான். அவனைக் கோபிக்காதே. எனக்கு உண்மை சொன்னவன் அவன் ஒருவன்தான்."

செலீன் கடிதத்தை வாங்கி மேலே இருந்த திகதியைப் பார்த்தாள். இலக்கம் எந்தப் பாசையிலும் இலக்கம்தான். 12.1.89.

"எங்கட கலியாணம் அந்த வருசம் வைகாசியிலயெல்லோ," என்றாள் மெதுவாக. "இது யாழ்ப்பாணம் வந்து சேர ஆடியாகியிருக்கும். தபால் அப்பிடித்தானே அப்ப. எல்லாம் தெரிஞ்ச பிறகும் முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல, ஞாயிறு ஞாயிறா இவர் உங்களை மச்சான் எண்டு கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர்."

அவள் கடிதத்தை மடித்து வைத்தாள்.

"நான் கேட்டனானே அண்ணை? எனக்கு இவரைக் கட்டித் தாங்கோ எண்டு நான் எப்பவாவது கேட்டனானே?"

"இல்லை," என்றேன்.

அவள் எனக்குச் சோறு போட வைத்திருந்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.