ஒரே பில்லில் இரண்டு கடை

"அப்போ நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா தம்பி? செவுத்தைப் பாருங்க! என் கழுத்து உசரத்துக்குச் சேறு நிக்குது. அதுவும் நான் பூசினதுதானா?"

சீதாலட்சுமி போட்ட சத்தத்தில் கலவான பஸாரின் பாதிக் கடைகளில் வியாபாரம் நின்றது. எதிர் பேக்கரிக்காரர் பாண் நறுக்குவதை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அப்படி வந்து பார்க்கிற அளவுக்கு அவருக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லை.

எதிரே நின்றவன் விதுர்ஷன். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய நட்ட மதிப்பீட்டாளன், இரத்தினபுரிப் பையன். வரும்போது "சேர்" என்று வரவேற்கப்பட்டவன், பத்தே நிமிஷத்தில் "தம்பி" ஆகியிருந்தான்.

"தண்ணி வந்திச்சு, அதை நான் மறுக்கல அக்கா. இந்த பில்லைத்தான் கேக்கிறேன். இது உங்க பேர்ல இல்ல. கபூர் டெக்ஸ்டைல்ஸ் பேர்ல இருக்கு."

"கபூர் நானா பேர்லதான் இருக்கும். பதினெட்டு வருஷமா அப்படித்தான் இருக்கு!"

அதில் பொய் எதுவும் இல்லை. கொழும்பில் சேலையை மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும். அதனால் சீதாலட்சுமி கடைக்கும் எதிர்ப்பக்கத்துக் கபூர் கடைக்கும் ஒரு வேன், ஒரு பில். பழைய வாடிக்கையாளர் என்பதால் பில் கபூரின் பேரில் வரும். ஆளுக்கொரு பிரதி; யாருக்கு எவ்வளவு என்பதை அதன் பின்பக்கத்தில் பேனாவால் குறித்துக்கொள்வார்கள். ஊருக்கே தெரிந்த ஏற்பாடு இது. தெரியாத ஒரே இடம் இன்சூரன்ஸ் கம்பெனி.

அந்தப் பின்பக்க மையைத்தான் வெள்ளம் குடித்துவிட்டது. சீதாலட்சுமியின் மகள் கேஷானி பில்களை இஸ்திரி போட்டுக் காயவைத்தாள். முன்பக்கம் அச்சு, பிழைத்துக்கொண்டது. பின்பக்கத்தில் நீலக் கறை மட்டும் மிச்சம்.

இன்சூரன்ஸ் கோரிக்கைக்கு எல்லாவற்றையும் தயாரித்தவள் கேஷானிதான். "நவம்பர் வெள்ளத்தில் என் கடைச் சரக்கு அழிந்தது" என்று தாய்க்காக ஒரு கடிதம், மூன்று பக்கச் சரக்குப் பட்டியல், இருபத்தேழு போட்டோ, பில்கள். பட்டியலின் முதல் வரி: சேலை, தொண்ணூற்றாறு. அந்த வரியில்தான் இப்போது குரல் உயர்ந்திருந்தது.

"இன்னொரு விஷயம் அக்கா." விதுர்ஷன் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டுதான் சொன்னான். "இதே பில் நம்பரை நான் காலையிலேயே பார்த்தேன். கபூர் கடைக் கோரிக்கையில. அவங்க நூத்தி நாப்பத்தி நாலு சேலையையும் அவங்களோடதுன்னு போட்டிருக்காங்க. ஒரே சேலை ரெண்டு கடையில நனையாது. ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றது சரியில்லை. அது தெளியாம நான் அறிக்கை எழுத முடியாது."

சீதாலட்சுமி சேறு துடைத்த அலுமாரித் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். தைப்பொங்கலுக்கு நான்கு வாரம். தேயிலைத் தோட்டத்துச் சனம் போனஸ் கையில் வந்ததும் சேலைக்கு இறங்கி வரும். அப்போது தட்டு வெறுமையாக இருந்தால் அந்தக் கூட்டம் வேறு கடைக்குப் போய்விடும், திரும்பியும் வராது. அதைவிட மேலாக, தன் பேர் கள்ளி என்று ஒரு காகிதத்தில் ஏறிவிடுமே!

பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிரே வந்த பஸ்தான் நின்றது, அவள் நிற்கவில்லை. விதுர்ஷனும் பின்னாலேயே போனான்.

"நானா! வெளியே வாங்க! என் சேலையை எப்ப நீங்க வாங்கினீங்க?"

கபூர் தொப்பியைச் சரிசெய்தபடி வந்தார். "என்ன தங்கச்சி, ரோட்டுல நின்னு..."

"ரோட்டுலதான் கேப்பேன். என் பேரு ரோட்டுலதானே போகுது!"

கபூரின் மகன் பஸ்லான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது அவன்தான். "பில்லுல எங்கட பேர்தானே ஈக்கி. அதைப் பார்த்து எழுதினேன்."

"பின்பக்கம் பார்த்தியா?"

"பின்பக்கத்துல என்ன ஈக்கி?"

கபூர் மகனை ஒரு பார்வை பார்த்தார். பதினெட்டு வருஷமாகப் பின்பக்கம் எழுதிய மனிதர், முன்பக்கத்தோடு வாசிப்பை முடிக்கிற பிள்ளையைப் பெற்றிருக்கிறார் என்று பேக்கரிக்காரர் பிறகு சொன்னார். அவர் சொல்லாவிட்டால் பஸாரில் நாங்கள் சொல்லியிருப்போம்.

"தங்கச்சி சொல்றது நெசம், சேர்," என்றார் கபூர். "எங்கட பங்கு கொஞ்சம்தான்."

"வாய்ச் சொல்லை நான் எழுத ஏலாது நானா," என்றான் விதுர்ஷன். "எத்தனை யாருக்குன்னு காட்ட ஏதாவது வேணும்."

சீதாலட்சுமி கோபத்தில் பைலைத் திறந்து போட்டோக்களைக் கவுண்டரில் எறிந்தாள். பதினான்காவது போட்டோ மேலே விழுந்தது. சேறு படிந்த நான்கு மூட்டைகள். சாக்கின் மேல் கறுப்பு மார்க்கரில் ஏதோ எழுத்து. அவள் குனிந்து பார்த்தாள்.

"இந்தா! இது யார் எழுத்து? கொழும்புல கட்டுறவன் எழுத்து! வேன்ல மாறிப் போகாம இருக்க மூட்டைக்கு மூட்டை பேர் போடுவான். 'சீதா, கலவான'. வாசிங்க சேர்!"

தம்பி மறுபடி சேர் ஆனான்.

"மூட்டை இன்னும் இருக்கா அக்கா?"

இருந்தது. அதுதான் பஸாரின் மூன்று வாரத் துயரம். அழிந்ததை எறியாமல் வைக்க வேண்டும், பார்க்க வருவோம் என்று கம்பெனி சொன்னதைக் கேட்டு, நாறுகிற சேலைகளைப் பின்னறையில் காத்துக்கொண்டிருந்தாள். "சீதாக்கா ஊறுகாய் போடுறா" என்று சிரித்தவர்கள் நாங்கள்தான். விதுர்ஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு மூட்டையையும் பிரித்து எண்ணினான். மூட்டைக்கு இருபத்திநான்கு. தொண்ணூற்றாறு. கபூர் கடையில் இரண்டு மூட்டை, அவற்றில் "கபூர்". நாற்பத்தெட்டு. பில் சரியாகக் கூடியது.

அன்றே கபூர் தன் பட்டியலைத் திருத்தினார். தொண்ணூற்றாறு சேலை சீதாலட்சுமியுடையவை, பில் மட்டுமே தன் பேரில் என்று கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். பேனா கொடுத்தது பஸ்லான். தலையை நிமிர்த்தவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கம்பெனி என்று நாமும் சொல்லியிருப்போம். மார்ச்சில் கடிதம் வந்தது. பதினைந்து லட்சச் சரக்கை வைத்துக்கொண்டு பத்து லட்சத்துக்கே காப்புறுதி எடுத்திருந்ததால், ஒன்பது லட்ச நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதானாம். அதாவது ஆறு. அதிலும் முதலில் ஒரு தொகை அவள் பொறுப்பு என்று கழிப்பார்களாம்.

"வருஷா வருஷம் காசு வாங்கக்குள்ள இதைச் சொல்ல வாய் இல்லையா?" என்று சீதாலட்சுமி கேட்டாள். கேஷானி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

பொங்கலுக்குத் தட்டு வெறுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கபூர் அவளைத் தன் வேனிலேயே கொழும்புக்குக் கூட்டிப் போய், தன் வாய்ச் சொல்லில் கடனுக்கு, அவள் பேரிலேயே முதல் பில்லை எழுதவைத்தார். இன்றும் ஒரு வேன்தான். பில் இரண்டு.

பஸ்லான் கத்தாருக்குப் போய்விட்டான். ஒரு கிடங்கில் வருகிற சரக்கைச் சரிபார்க்கிற வேலை என்று கபூர் சொல்லும்போது சீதாலட்சுமி சிரிக்காமல் இருக்கப் படாத பாடு படுவாள். அவன் தங்கை றிப்னா காலி நகரில் வாழ்க்கைப்பட்டாள், கலியாணச் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்க வேண்டாம். கேஷானி கொடகவெலவில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று சீதாலட்சுமி கேட்ட முதல் கேள்வி, கடை பில் யார் பேரில் வருகிறது என்பதுதான்.