கள்ளனின் இலக்கம்

தனியாக இருக்கும் தயாளினிக்கு அன்று இரண்டு அழைப்புகள் வந்தன.

முதலாமவன் முன்பின் தெரியாதவன். "அக்கா, சாப்பிட்டீங்களா? உங்கட முகத்துக்கு நாடகத்தில பெரிய வேஷமே இருக்கு. பதிவுக்காசை மட்டும் இண்டைக்கே போடுங்கோ" என்றான். நடிக்கக் கூப்பிடுகிறவன் காசு தருவானே தவிரக் கேட்கமாட்டான். கள்ளன் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

அடுத்தது, படப்பிடிப்புகளில் கூட்டமாக நிற்க ஆள் சேர்க்கும், அவளுக்கு முன்பே தெரிந்த குணரத்தினம். "விளம்பரப் படம். நாளைக்கு விடிய ஆறு மணிக்குத் துறைமுக இறங்குதுறைக்கு வாங்கோ. வெள்ளைச் சீலை வேண்டாம். கமராவைப் பாக்கக்கூடாது. சாப்பாடும் சம்பளமும் தருவினம்." சுகம்கூட விசாரிக்காமல் வைத்துவிட்டார்.

மறுநாள் பொழுதுபடும்வரை கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். சம்பளம் சரியாக வந்தது. ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது கைபேசி அடித்தது. கள்ளனின் இலக்கம். ஒரு சதம் போடமாட்டாள், அது நிச்சயம். ஆனாலும் எடுத்தாள், அவன் கேட்குமுன்னமே சொன்னாள்: "இன்னும் சாப்பிடேல்ல, தம்பி."