உங்கள் பெயர் இங்கே

"அந்த ஆள் செத்துட்டான்னு சொல்லி வை!"

குளியலறைக் கதவைத் தாண்டி வந்தது அக்காவின் குரல். தலை நிறைய நுரையோடு கத்துகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

அக்காவின் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள் தங்கை. வீட்டில் அவளுக்குப் பொடிசு என்றுதான் பெயர். பள்ளி முடித்துக் கல்லூரி திறக்கக் காத்திருப்பவள். அக்கா கத்தியது அவளுக்குப் புதிதில்லை. போனில் இருந்த பெண் சற்று முன் சொன்னதுதான் அவளை அப்படியே நிறுத்தியிருந்தது.

"நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னு கேக்கறியேம்மா, ரெஸ்யூம்ல மேலேயே போட்டிருக்கே. 'உங்கள் பெயர் இங்கே'ன்னு வேற எழுதியிருக்கு. அதைக்கூட மாத்தாம அனுப்பியிருக்கார் உங்க அண்ணன்."

"எனக்கு அண்ணன் இல்லைங்க."

"நல்லவேளை," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

உங்கள் பெயர் இங்கே. அந்த மூன்று வார்த்தைகளையும் பொடிசே தன் கையால் அடித்திருந்தாள். எந்த எழுத்துருவில் அடித்தாள் என்பதுகூட நினைவிருந்தது.

ஒரு வாரமாக இப்படித்தான். யார் யாரையோ கேட்டு அக்காவுக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. இன்டர்வியூவுக்கு வருகிறாரா, எப்போது சேர முடியும், சர்டிபிகேட் எல்லாம் கையில் இருக்கிறதா என்று கேள்விகள். முதல் நாள் அக்கா பணிவாக "ராங் நம்பருங்க" என்றாள். மூன்றாம் நாள் "அவருக்கு வேற வேலை கிடைச்சிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தாள், தொல்லை விடும் என்று. நேற்று ஒருத்தி ஏதோ ஒரு பையனின் பெயரைச் சொல்லி ஆரம்பித்ததும், "இன்னொரு தடவை கூப்பிட்டீங்கன்னா போலீஸுக்குப் போவேன். வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று காய்ச்சி எடுத்தாள். அப்பா அவளுக்கு "ஊர் ரிசப்ஷனிஸ்ட்" என்று பட்டம் கட்டிவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் இல்லை. படிப்பை முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். மென்பொருள் சோதிக்கும் வேலைக்கு ஒரு கம்பெனியில் எழுத்துத் தேர்வு, முதல் சுற்று இரண்டும் தாண்டியிருந்தாள். "இந்த வாரம் போன் பண்ணுவோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு போனுக்காகத்தான் நம்பரையும் மாற்றாமல் இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

பொடிசு மடிக்கணினியைத் திறந்தாள். அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பானது.

அவளுக்கும் ஒரு வேலை இருந்தது, பகுதி நேரமாக. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், பட்டதாரிகளுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுக்கும் ஒரு மையம். பத்து நாற்காலி, ஒரு புரொஜக்டர், ஒரு டைரக்டர். அவர் தன்னைத்தானே அப்படி அழைத்துக்கொண்டார். மையத்தின் சமூக வலைத்தளப் பக்கத்துக்கு ஸ்வைப் பண்ணிப் பார்க்கும் கரோசல் பதிவுகளைச் செய்துகொடுப்பது பொடிசின் வேலை. சம்பளத்தைவிட, "டிசைனர் வந்தாச்சா?" என்று அவர் கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

போன வாரம் போட்ட கரோசல்தான் பிய்த்துக்கொண்டு ஓடியது. 'முதல் வேலையா? ரெஸ்யூமில் இந்தத் தப்பைப் பண்ணாதீங்க.' எட்டு ஸ்லைடு. ஒரே பக்கத்தில் முடியுங்கள். அப்பா பெயர், மதம், போட்டோ எதுவும் வேண்டாம். 'சவாலான பணியில் என் திறமையை வளர்த்துக்கொள்ள' என்று ஆரம்பிக்கும் வாசகத்தைத் தூக்கி எறியுங்கள். புராஜெக்ட்டில் குழு என்ன செய்தது என்பதல்ல, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள், 'நியூ ஃபைனல் 3' என்று அனுப்பாதீர்கள். கடைசி ஸ்லைடில், 'டெம்ப்ளேட் வேணுமா? கமெண்ட்டில் வேலைன்னு போடுங்க, லிங்க் தானா வரும்.'

வந்தது. ஆயிரக்கணக்கானோருக்குத் தானாகவே போனது.

டெம்ப்ளேட்டுக்குப் பொடிசு எங்கே போவாள்? அக்காவின் ரெஸ்யூமைத்தான் எடுத்தாள். பெயர், கல்லூரி, மதிப்பெண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் அழித்து 'இங்கே', 'இங்கே' என்று நிரப்பினாள். முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவையும் மாற்றினாள். ஆனால் அக்கா தன் நம்பரைப் பக்கத்தின் உடம்பில் எழுதவில்லை, மேலே உள்ள தலைப்பகுதியில், ஹெடரில், எழுதியிருந்தாள். கோப்பைத் திருத்தும்போது ஹெடர் மங்கலாகத் தெரியும், வாட்டர்மார்க் மாதிரி. முழுவதையும் தேர்ந்தெடுத்தாலும் அது சிக்காது. பொடிசின் கண்ணில் படவில்லை. இறக்கிக்கொண்டவர்களின் கண்ணிலும் படவில்லை. அவர்கள் தங்கள் நம்பரை ஒழுங்காகக் கீழே எழுதினார்கள். பிடிஎஃப் ஆக்கியதும் மேலே அக்காவின் நம்பர் பளிச்சென்று வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் மானம் போகிற விஷயம் ஆறாவது ஸ்லைடு. 'நம்பரை ஹெடரில் போடாதீங்க, சில கம்பெனி சாஃப்ட்வேர் அதைப் படிக்காது' என்று மஞ்சள் கட்டத்தில் போட்டிருந்தாள்.

அக்காவின் போனில் நேற்றைய அழைப்புகளைப் பார்த்தாள். அந்தப் போலீஸ் மிரட்டல் வாங்கிய நம்பரை, தேர்வு நடத்திய கம்பெனியின் மின்னஞ்சலுக்குக் கீழே இருந்த நம்பரோடு ஒப்பிட்டாள்.

ஒரே நம்பர்.

குளியலறையில் தண்ணீர் நின்றது. பொடிசு போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். முதலில் டைரக்டரைக் கூப்பிட்டாள்.

"ஹெடரா? அதெல்லாம் யார் பாக்கறாங்க," என்றார் அவர்.

"சார், எல்லா கம்பெனியும் பாக்குது சார். எங்க அக்காவைக் கூப்பிடறாங்க."

"சரி, ஃபைலை மாத்திடு. முடிஞ்சுது."

"ஏற்கனவே எடுத்தவங்க? திருத்தம்னு ஒரு பதிவு போடணும் சார்."

"என்னது? ரெஸ்யூம்ல தப்பு பண்ணாதீங்கன்னு சொன்ன நாமளே தப்பு பண்ணிட்டோம்னு போடச் சொல்றியா? அடுத்த பேட்சுக்கு ஒரு ஈ காக்கா வராது. நீ சின்னப் பொண்ணு, பதறாத. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"வேலை கிடைக்காதவங்க எப்படி சார் மறப்பாங்க?"

"டிசைன் பண்றவ டிசைன் பண்ணு," என்று அவர் வைத்தார்.

அடுத்தது அந்தக் கம்பெனி. எடுத்த பெண்ணின் குரல் மத்தியானத்துக்குள்ளேயே களைத்துப் போயிருந்தது. பொடிசு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஓ, அந்த டெம்ப்ளேட்டா!" என்றாள் அவள். "தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன் நான். ஒரே நம்பர்ல ஏழு ரெஸ்யூம். எங்க சிஸ்டம் என்ன பண்ணும் தெரியுமா? நம்பர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுதான்னு சேத்துடும். கடைசியா வந்தவர் பேர் மேல நிக்கும். உங்க அக்காவை செலக்ட் பண்ணிச் சொல்லத்தான் கூப்பிட்டேன். திரையில ஒரு பையன் பேர் இருந்தது, அதைச் சொன்னேன். போலீஸ்னாங்க."

"செலக்டா?"

"நேத்து வரைக்கும். போன்ல அப்படிப் பேசினவங்களை நான் எப்படி மேல அனுப்புவேன்? 'விருப்பமில்லை'ன்னு போட்டுட்டேன். அடுத்த ஆளுக்கு இன்னிக்குக் காலையில மெயில் போயாச்சு."

பொடிசு மூக்கை உறிஞ்சினாள்.

"அழாதேம்மா. அந்த ஆள் சாயந்தரத்துக்குள்ள பதில் போடலன்னா நான் கேட்டுப் பாக்கறேன். சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். உங்க அக்காவை வேற நம்பர் கொடுத்து ஒரு மெயில் போடச் சொல்லு, நடந்ததை எழுதி."

திரும்பியபோது அக்கா கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றிருந்தாள். தலையில் துண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. 'செலக்டா' என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

சொல்லித்தான் ஆகவேண்டும். பொடிசு சொன்னாள். அடி விழும் என்று கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டே சொன்னாள்.

அடி விழவில்லை. அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் ரெஸ்யூமை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"நீ தூங்கிட்டிருந்தே."

"நான் தூங்கறேன்னு என் நம்பரை ஊருக்கே பந்தி வச்சுட்டியா, எருமை!" பிறகு குரல் இறங்கியது. "எட்டு மாசம்டி. அம்மா நேத்துகூட பக்கத்து வீட்டுல பொய் சொன்னாங்க, எனக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னு."

அக்கா எதையோ யோசித்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"இரு. எனக்கு வந்த மத்த போன் எல்லாம்... அதெல்லாம் நிஜ வேலையா?"

"ஆமா."

"'வேற வேலை கிடைச்சிடுச்சு'ன்னு சொன்னேனே. மூணு நாலு பேருக்குச் சொன்னேன். ஒருத்திகிட்ட, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, இனிமே வேலைக்கு வரமாட்டான்னேன். அவங்க 'அப்படியா, வாழ்த்துகள்'னாங்க." அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ, நான் என்னடி பண்ணி வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடவில்லை. அதற்கு நேரமும் இல்லை. அக்கா அம்மாவின் நம்பரைக் கொடுத்துக் கம்பெனிக்கு மெயில் எழுதினாள். பொடிசு கோப்பைத் திருத்தினாள், ஹெடரைத் துடைத்தாள். போட்ட கரோசலில் ஒரு ஸ்லைடை எடுக்க முடியும், மாற்ற முடியாது. அதனால் புதிதாக ஒன்று செய்தாள், ஒரே ஸ்லைடு. 'எங்கள் டெம்ப்ளேட்டில் தப்பு நடந்துவிட்டது. பக்கத்தின் மேல் ஓரத்தை இரண்டு தடவை கிளிக் பண்ணுங்கள். உங்களுடையது அல்லாத ஒரு நம்பர் இருக்கும். அழித்துவிட்டு, அனுப்பிய இடங்களுக்கெல்லாம் மறுபடி அனுப்புங்கள். மன்னிக்கவும்.' மையத்தின் பாஸ்வேர்டு அவளிடம்தான் இருந்தது. டைரக்டரைக் கேட்காமல் போட்டாள். 'வேலை' என்று கமெண்ட் போட்ட ஒவ்வொருவருக்கும் தனியாகவும் அனுப்ப ஆரம்பித்தாள்.

டைரக்டரின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. "ஊர் ரிசப்ஷனிஸ்ட் பேசறேன்னு எடுத்துச் சொல்லட்டுமா?" என்றாள் அக்கா. சிரிக்க முயன்றாள், வரவில்லை. அம்மாவின் போன் மேஜை நடுவில் சும்மா கிடந்தது. இருவரும் அதைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருப்பதுமாக இருந்தார்கள்.

திருத்தத்துக்குக் கீழே கமெண்ட்டுகள் விழ ஆரம்பித்தன. ஒருவன் திட்டினான். ஒருத்தி சிரிக்கும் முகம் போட்டாள். இன்னொருவன், "அதான் எனக்கு யாருமே கூப்பிடலையா, நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்" என்று எழுதியிருந்தான்.

பிறகு ஒரு பெண்ணிடமிருந்து நேராக மெசேஜ் வந்தது. பொடிசு படித்துவிட்டு, பேசாமல் திரையை அக்கா பக்கம் திருப்பினாள்.

"வணக்கம், ஒரு கம்பெனிக்கு நேரிலேயே ரெஸ்யூமோடு போய் இன்டர்வியூ கொடுத்தேன், என்னை ரொம்பப் பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். கண்டிப்பாகக் கூப்பிடுவோம் என்றார்கள். இன்று நானே போன் செய்தபோது, எனக்குக் கல்யாணமாகிவிட்டதாக யாரோ சொன்னார்கள், அந்த இடம் நிரம்பிவிட்டது என்கிறார்கள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அப்படிச் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"