இரண்டு டின்

ஹராமான, மார்க்கம் விலக்கிய சாமானைக் கையால் தொடக்கூடாது என்பதில் மைமூனா கண்டிப்பானவள். புருஷன் முஹ்ஸின் குடித்துப்போட்ட பியர் டின்னைக்கூடப் பாண் வாங்கிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே எடுத்து வளவுக்குள் புதைப்பாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மருதமுனையில் புடவைக்கடை நடத்துகிறவள், விலைச்சீட்டை இரண்டு தரம் பார்க்காமல் ஒரு சாரனை எடுக்கமாட்டாள்!

பெருநாளுக்குப் பிறகு டாக்டர் சொல்லியிருந்தார்: குடியை ஒரேயடியாக விட்டால் வலிப்பு வரலாம், முதலில் பாதியாகக் குறைத்து, கிளினிக்குக்கு வந்து காட்டிக் காட்டி நிறுத்த வேண்டும். ஊரில் யாராவது கண்டால் மானம் போய்விடுமென்று அவர்கள் திரும்பப் போகவில்லை. மைமூனாவே வழி கண்டுபிடித்தாள். தினமும் குடிக்கும் கால்போத்தல் சாராயத்தை விட்டுவிட்டு இரண்டு டின் பியர், அதற்கு மேல் இல்லை. பியர் லேசானதுதானே? முஹ்ஸின் குர்ஆனில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

இப்போது அவன் கல்முனையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். கண் மஞ்சள், வயிறு ஊதிவிட்டது.

ஆலோசனை அறையில் குணம் என்ற ஆண் தாதி, அவள் பையோடு கொண்டுவந்த டின்னை மேசையில் வைத்தார். சுவர்ப்படத்தைக் காட்டினார்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. சாதாரண பியர் இருநூற்றைம்பது மில்லி, வைன் நூறு மில்லி, சாராயம் முப்பத்தாறு மில்லி. மூண்டிலயும் சுத்த மதுசாரம் பத்துக் கிராம்தான். அதத்தான் ஒரு அளவு எண்டு சொல்றம்."

"அப்ப பியர் லேசில்லயா, சேர்?"

"எவ்வளவு மில்லி, எத்தின வீதம் எண்டு பாக்கணும். இது ஐந்நூறு மில்லி, எட்டு தசம் எட்டு வீதம். பெருக்கி நூறால பிரிச்சா நாப்பத்திநாலு மில்லி மதுசாரம். மதுசாரத்திட அடர்த்தி தசம் ஏழு ஒன்பது, அதால பெருக்கினா முப்பத்தஞ்சு கிராம். ஒரு டின்னுக்கு மூண்டரை அளவு."

"கால்போத்தலுக்கு?"

"நூத்தியெண்பது மில்லி, முப்பத்தஞ்சு வீதம். அஞ்சு அளவு."

இரண்டு டின்னுக்கு ஏழு அளவு. குறைக்கிறேன் என்று கூட்டிவிட்டது அவள்தான்.

"இனிக் குறைச்சுக் குடிச்சா?"

"இனி அந்த ஈரலுக்கு ஒரு சொட்டும் ஆகாது. வலிப்பு வராம நாங்க மருந்து குடுக்கிறம். ஆனா ஈரல் பழையபடி வருமெண்டு சொல்லேலாது."

வார்டுக்குப் போனாள். முஹ்ஸின் அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

"மைமூனா, நான் சத்தியத்த முறிக்கல்ல. கை நடுங்கின நாள்லயும் மூண்டாவது டின் எடுக்கல்ல. நீ சொன்ன ரெண்டுதான். உனக்குத் தெரியுந்தானே?"

மைமூனா அவன் விரல்களைப் பொத்திப் பிடித்தாள்.

"ஓம்," என்றாள். "நீங்க சொன்ன சொல்லு மாறல்ல."

அவன் சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.