பிப்ரவரி முப்பத்தொன்று

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டேன். "அவ கத்துனா பயமில்ல, சிரிச்சாதான் பயம்" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி நான் அலுவலகத்தில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் கம்பெனி உடற்பயிற்சிக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. மாதச் சந்தா கட்டியவர் போனைக் கதவில் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். சந்தா முடிந்திருந்தால் சிவப்பு. புதுப்பிக்கும் தேதி வந்ததும் வங்கி அட்டையிலிருந்து பணம் தானாகப் போய், அடுத்த மாதம் தொடங்கிவிடும். இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எழுதியது எங்கள் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஞானி. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார், அதனால்.

ஞானி மீது எனக்கு ஏன் அத்தனை வன்மம் என்றால், அதற்குக் காரணம் என் நாத்தனார். ஆமாம், நாத்தனார்தான். ஒரே வீட்டில் இருந்தாலும் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம், ஒரே சமையலறையில் இரண்டு நாள் தாங்காது. ஆனாலும் வாடிக்கையாளர் போனை எடுக்கும் வேலையை நான்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவளைப் போல அந்த வேலையைச் செய்தவள் கிடையாது. போன வருடம் பிப்ரவரி முடிந்து மார்ச் பிறந்ததும் போன் மேல் போன். பணம் கட்டுகிற ஆட்கள், அட்டையில் காசும் இருக்கிறது, கதவு மட்டும் சிவப்பு. எல்லோரும் ஜனவரி முப்பத்தொன்றில் சேர்ந்தவர்கள் என்பதை அவள் அன்று மத்தியானமே கண்டுபிடித்தாள். அவர்களின் புதுப்பிக்கும் தேதி திரையில் மார்ச் மூன்று என்று இருந்ததையும் பார்த்தாள். பிறகு அழைத்தவர்களிடமெல்லாம் ஒரே பதில் சொன்னாள்: "கவலைப்படாதீங்க, மூணாம் தேதி தானா திறந்துடும்."

திறந்தது. ஆனால் ஞானி அவளைக் கூப்பிட்டு, இல்லாத குறையை வெளியாட்களிடம் பரப்பினாள் என்று சொல்லி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் வேலை கேட்டுப் போன இடத்திலிருந்து யார் விசாரித்தாலும் அதையே சொன்னார். ஒரு வருடமாக அவளுக்கு எங்கும் வேலை இல்லை. என்னிடம் சண்டைக்குக் கூட வருவதில்லை, வாயே திறப்பதில்லை.

குறை எங்கே என்று நான் தேடிப் பிடித்தேன். கதவுக்கான கணக்கு ஒரு விதம், பணத்துக்கான கணக்கு இன்னொரு விதம். முப்பத்தொன்றில் சேர்ந்தவனுக்கு பிப்ரவரியின் கடைசி நாள் வரைதான் அனுமதி என்று கதவு சரியாகக் கணக்கிட்டது. பணப்பக்கமோ மாதத்தில் ஒன்றைக் கூட்டி, பிப்ரவரி முப்பத்தொன்று என்று ஒரு நாளைத் தேடியது. அப்படி ஒரு நாள் இந்த உலகத்தில் கிடையாது. இருபத்தெட்டுக்கு மேல் மிச்சமிருந்த மூன்று நாளும் மார்ச்சில் வழிந்து, மார்ச் மூன்றில் போய் நின்றது. நடுவில் ஆள் நடுத்தெருவில். ஞானியிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "மாசக் கடைசியில யாரு சேரப் போறா?" என்று இரண்டு முறையும் தள்ளிவிட்டார். இனிமேல் இந்தத் தேதிக் கதையோடு வந்தால் நாத்தனார் போன வழியிலேயே போகலாம் என்றும் சொன்னார்.

சரி, வரவில்லை என்று இருந்துவிட்டேன்.

இந்த ஜனவரிக் கடைசியில் ஞானிக்கு ஒரு யோகம். ஒரே ஒரு கூடத்துக்கு எங்களிடம் மென்பொருள் வாங்கியிருந்த முதலாளி, தன் எல்லாக் கிளைகளுக்கும் வாங்கலாமா என்று பார்க்க வருவதாகச் சொன்னார். ஞானி எங்கள் கூட்ட அறைக்கே அந்தக் கதவுப் பூட்டை மாட்டச் சொன்னார். காட்டுவதற்கு ஒரு சந்தாக் கணக்கு வேண்டுமே, யார் பெயரில் தொடங்கலாம் என்று என்னிடம் கேட்டார்.

"உங்க பேர்லயே தொடங்குங்க சார், இன்னைக்கே. மேலாளரே உபயோகிக்கிறாருன்னா அதுக்கு ஒரு தனி மதிப்பு" என்றேன். சிரித்துக்கொண்டுதான்.

தொடங்கினார். பிப்ரவரி முழுக்க மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போனை நீட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் நான் உள்ளுக்குள் கும்மாளம் போட்டேன். கூடத்துக்காரர் வரும் நாள் மார்ச் ஒன்று என்று தெரிந்தபோது, இல்லாத கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அவர் வந்தார். நடையில் எல்லோரும் நின்றோம். ஞானி கோட்டைச் சரி செய்துகொண்டு, போனைக் கதவில் காட்டினார். சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டினார். சிவப்பு. உங்கள் சந்தா முடிந்துவிட்டது என்று கதவு எழுதிக் காட்டியது. டெஸ்டர் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று என் பக்கம் கையை நீட்டினார். இதற்காகத்தானே ஒரு மாதம் காத்திருந்தேன்.

நான் அவரைப் பார்க்கவே இல்லை. கூடத்துக்காரரிடம், உங்களிடம் மாதக் கடைசியில் ஆட்கள் சேர்வார்களா என்று மட்டும் கேட்டேன்.

"என்னம்மா இப்பிடிக் கேக்கறீங்க? சம்பளம் வர்றதே அப்பதான். பாதிப் பேரு அப்பதான் சேருவான்" என்றார்.

பிப்ரவரி முப்பத்தொன்றின் கதையை அங்கேயே, நின்ற வாக்கில் சொன்னேன். ஞானியின் முகம் பேயறைந்தது போல ஆனது. ஆனாலும் விடவில்லை. சின்ன விஷயம், புதுப்பிக்கும் தேதியை பிப்ரவரி இருபத்தெட்டிலேயே நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

"அப்புறம் மார்ச்சுல எப்ப காசு எடுப்பீங்க சார்?" என்றேன்.

இருபத்தெட்டோடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் இருபத்தெட்டு என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முப்பத்தொன்றில் சேர்ந்தவனிடம் அதன்பின் எல்லா மாதமும் இருபத்தெட்டிலேயே காசு பிடுங்கினால் அவன் சும்மா இருப்பானா? போன மாதத் தேதியோடு கூட்டவே கூடாது. சேர்ந்த நாளை மறக்காமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே எண்ண வேண்டும். அந்த மாதத்தில் அந்த நாள் இல்லையென்றால் அதன் கடைசி நாள். மார்ச்சில் மறுபடி முப்பத்தொன்று. கதவும் பணமும் இந்த ஒரே கணக்கைத்தான் பார்க்க வேண்டும். சொன்னேன். ஞானி சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்துக்காரர் ஞானி பக்கம் திரும்பினார். "போன வருஷம் எங்க கதவும் இப்பிடித்தான் நின்னுச்சு. நீங்க நெட்வொர்க்னு சொன்னீங்க" என்றார். "போனை எடுத்த பொண்ணு மட்டும் மூணாம் தேதின்னு சொல்லிச்சு. அதே மாதிரி திறந்துச்சு. அந்தப் பொண்ணு எங்க?"

அது என் நாத்தனார், அந்தப் பதிலுக்காகத்தான் அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

அவளே போனை எடுப்பதாக இருந்தால்தான் மற்றக் கிளைகளைப் பற்றிப் பேசலாம் என்றார் அவர். ஞானி என்னிடம் அவள் எண்ணைக் கேட்டார். ஒவ்வொரு இலக்கமாக, ஆற அமரச் சொன்னேன். அறைக்குள் போக முடியாததால் நடையிலேயே, தானும் கேட்க வேண்டும் என்று கூடத்துக்காரர் சொன்னதால் எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் பேச வேண்டியதாயிற்று. தப்பு தன்னுடையதுதான் என்றார், மன்னிக்கச் சொன்னார், நாளைக்கே வேலைக்கு வந்துவிடும்மா என்று கெஞ்சினார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கும் அதே மௌனம். வாயைத் திறடி என்று மனதுக்குள் திட்டினேன்.

"நாளைக்கு முடியாது சார்" என்றாள் நாத்தனார். "கவலைப்படாதீங்க, மூணாம் தேதி தானா திறந்துடும்."

போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, குழம்பில் உப்பில்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தாள்.